“ஆயா, உணவு ஆயத்தமா?” – ஏட்டுத் தமிழை வீட்டுப் பேச்சில் விட்டுச் சிரிக்கவைப்பது பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். பகலெல்லாம் கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை. “சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து” என்பதில் ஒற்று விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால், “என்ன வெஞ்சனம்?” என்று கேட்டபடியே செருப்பைக் கழற்றுவேன். இந்த இரண்டு தமிழும் ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளும்போது வரும் சிரிப்பைப் பற்றி உறவுக்காரப் பிள்ளைகளும் கடைக்கு வருகிறவர்களும் கேட்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

“பேசுறதும் தமிழ், எழுதுறதும் தமிழ். ஒண்ணு எடத்துல இன்னொண்ண வச்சா ஏன் சிரிப்பு வருது?”

எழுத்துத் தமிழைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்த பிள்ளை இந்தப் பக்கத்தில் யாரும் கிடையாது. தமிழில் பட்டம் வாங்கியவர்கூட வீட்டில் “தண்ணி குடு” என்றுதான் கேட்பார். எழுத்துத் தமிழை நாம் வெளியில் கேட்டுத்தான் கற்கிறோம்: வகுப்பறை, மேடை, செய்தி, கோயில் ஒலிபெருக்கி, அரசாங்கக் கடிதம். அதனால் அந்தத் தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் தான் புழங்கிய இடத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறது. அடுப்படியில் நின்று “அருந்த” என்று சொன்னால் அங்கே ஒரு மேடையும் மைக்கும் வந்து நின்றுவிடும். தண்ணீர்ச் செம்பின் பக்கத்தில் மைக்கைப் பார்த்தால் சிரிப்பு வரத்தானே செய்யும்.

மொழியியல்காரர்கள் இதை இரட்டை வழக்கு என்பார்கள். தொல்காப்பியப் பாயிரமே “வழக்கும் செய்யுளும்” என்று இரண்டையும் பிரித்துத்தான் சொல்கிறது. பிரிவு அவ்வளவு பழையது.

“எந்தச் சொல்லப் போட்டா சிரிப்பு வரும்? ஒரு எடுத்துக்காட்டு வச்சுச் சொல்லுங்களேன்.”

சொல்லைவிட அது முடிகிற விதத்தை, அதன் வாலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் மருமகன், எட்டாவது படிக்கிறவன், வளவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று அவன் ஆயாவிடம் கேட்டான்:

“ஆயா, எனக்குப் பசி மிகுந்துள்ளது. உணவு ஆயத்தமாக உள்ளதா?”

இரண்டாம் கட்டிலிருந்து பதில் வந்தது: “சோறு வடிச்சாச்சு, வெஞ்சனந்தான் ஆகல. கவர்னர் மாதிரிப் பேசாம வந்து அப்பளத்த நொறுக்காம எடுத்து வையி.”

அவன் சொல்ல வந்தது “பசிக்குது ஆயா, சோறு ஆச்சா?” என்பதுதான். இதை ஏட்டுத் தமிழாக்க மூன்று வழி உண்டு. மூன்றும் ஒரே சிரிப்பைத் தராது.

முதல் வழி, வீட்டுச் சொற்களையே வைத்துக்கொண்டு வாலை மட்டும் முழுசாக நீட்டுவது: “பசிக்கிறது ஆயா, சோறு ஆயிற்றா?” இதில் எந்தச் சொல்லும் விசித்திரமில்லை. ஆனாலும் பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி இருக்கும். மெல்லிய சிரிப்புதான். ஊருக்குப் புதியவர் யாராவது கேட்டால் பையன் வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்று நினைத்துக்கொள்வார்.

இரண்டாவது வழி, சொல்லும் வாலும் இரண்டுமே ஏட்டுத் தமிழ். என் மருமகன் செய்தது அது. இதற்கு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளவும் குரலைச் செய்தி வாசிக்கிற சுருதியில் நிறுத்தவும் தெரிய வேண்டும். பாதியில் தானே சிரித்துவிட்டால் போச்சு.

மூன்றாவது, பேச்சு வால் அப்படியே இருக்க, நடுவில் ஒரே ஒரு ஏட்டுச் சொல்லை ஒளித்துவைப்பது: “ஆயா, பசி தாங்கல, சோறு ஆயத்தமாயிருச்சா?” என் கணக்கில் இதுதான் உயர்ந்த வகை. “ஆயத்தம்” என்ற பத்திரிகைச் சொல்லுக்கு “ஆயிருச்சா” என்று வீட்டு வால். கேட்கிறவர் வழக்கமான பேச்சு என்று நினைத்துக் காதைக் கொடுத்திருக்கும்போதே சொல் வந்து போய்விடும். அரை நொடி கழித்துத்தான் “என்னது?” என்று திரும்புவார். அந்த அரை நொடியில்தான் சிரிப்பு.

“அப்ப தூய தமிழ்ச் சொல்லு எதப் போட்டாலும் சிரிப்பு வந்துருமா?”

வராது. பலரும் குழம்புகிற இடம் இது. தூய்மை வேறு, ஏட்டுத்தன்மை வேறு.

“சோறு” என்பதைவிடப் பழைய தமிழ்ச் சொல் வேண்டுமா? சேர அரசன் ஒருவனுக்குப் பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதன் என்றே பெயர். ஆனால் “சோறு போடு” என்றால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். அது அன்றாடச் சொல். “உணவு” என்பதும் தமிழ்ச் சொல்தான், அதைப் பந்தியில் உட்கார்ந்து கேட்டால் சிரிப்பார்கள். அதே மாதிரி “வெஞ்சனம்” வடமொழி வியஞ்சனத்திலிருந்து வந்தது. எங்கள் அடுப்படியில் அதைவிட வீட்டுத்தனமான சொல் இல்லை. “போஜனம்” அதே வடமொழிதான். அதைச் சொன்னால் சிரிப்பு.

சிரிப்பை முடிவு செய்வது சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்பதல்ல, கடைசியாக யார் வாயில் அதைக் கேட்டோம் என்பதுதான்.

“எல்லா ஏட்டுத் தமிழும் ஒண்ணுதானா? நான் எப்பப் பேசுனாலும் ‘செய்தி வாசிக்கிறியா’ன்னுதான் கேக்குறாக.”

அப்படியென்றால் நீங்கள் ஒரே கடையில் சரக்கு வாங்குகிறீர்கள். ஏட்டுத் தமிழுக்குள் பல கடை இருக்கிறது. அச்சகத்தில் உட்கார்ந்திருப்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பழக்கம்.

கோயில் நோட்டீஸ் தமிழ் ஒன்று. பிள்ளையார்பட்டி சதுர்த்தி விழாவோ குன்றக்குடிப் பங்குனி உத்திரமோ, நோட்டீஸில் சாமி வரமாட்டார், “எழுந்தருளுவார்”. பத்து மணிக்கு எழுந்திருக்கிற கல்லூரிப் பையனிடம் அவன் அம்மா, “சாமி எழுந்தருளியாச்சா? அபிஷேகத்துக்கு வெந்நி போடவா?” என்று கேட்பதை நான் காதால் கேட்டிருக்கிறேன். இதில் வைவது ஒரு சொல்லும் இல்லை. மரியாதை ஏற ஏற அடி பலமாக விழுகிறது. வீட்டுப் பெரியவர்கள் இந்த வகையில் கெட்டிக்காரர்கள். கோயில் தமிழ் அவர்களுக்கு மனப்பாடம்.

இன்னொன்று கருமாதிப் பத்திரிகைத் தமிழ். “சிவபதவி அடைந்தார்”, “இயற்கை எய்தினார்”. எங்கள் வீட்டு மிக்சி கருகி நின்ற அன்று என் தம்பி குடும்பக் குழுவில் போட்டான்: “நம் இல்லத்து மிக்சி இன்று காலை சட்னி அரைக்கும்போது சிவபதவி அடைந்தது. வயது 11.” அந்த “வயது” என்ற சொல்லை நான் அச்சகத்தில் வாரம் பத்துத் தடவை பார்க்கிறேன். அன்றைக்குத்தான் அதைப் பார்த்துச் சிரித்தேன். ஒன்று மட்டும்: இதைப் பொருளுக்குத்தான் சொல்லலாம். வீட்டில் உடம்பு முடியாமல் ஒருவர் படுத்திருக்கும்போது மிக்சிக்குக்கூடச் சொல்லக் கூடாது.

மனுத் தமிழ் மூன்றாவது. “மேற்படி”, “தங்கள் கனிவான கவனத்திற்கு”, “ஆவன செய்யுமாறு”. கணவன் மனைவிக்குள் இது நன்றாக எடுபடும். “மேற்படி கோழி வறுவலில் அடியேனுக்கு ஒரு துண்டு ஒதுக்கி ஆவன செய்யணும்.” இங்கேயும் கடைசி வாலைக் கவனியுங்கள்: “செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்று முடித்தால் நீளும், “செய்யணும்” என்று வெட்டினால் விழும்.

பாடப்புத்தகத் தமிழும் நாடகத் தமிழும் இருக்கின்றன. “யாரங்கே!” என்று கூப்பிடுவது எல்லாருக்கும் தெரிந்து தேய்ந்துபோனது. அதில் நான் நேரம் செலவிடமாட்டேன்.

எந்தக் கடைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்துவிட்டால் அதிலேயே நிற்க வேண்டும். “எழுந்தருளிய தாங்கள் மேற்படி காபியை…” என்று கோயிலையும் மனுவையும் கலந்தால் கேட்பவருக்கு எந்த இடமும் கண்முன் வராது. வெறும் நீட்டல் பேச்சாகிவிடும்.

“குளம்பி, வெதுப்பி, புலனம்… இதெல்லாம் சொல்லிச் சிரிக்கிறது இந்த வகைதானே?”

பக்கத்துத் தெரு. காபிக்குக் குளம்பி, வாட்ஸ்அப்புக்குப் புலனம் என்று புதிதாக ஆக்கிய சொற்கள் காதுக்குப் பழகாததால் சிரிப்பை மூட்டுகின்றன. “எழுந்தருளுவது” எல்லாருக்கும் தெரிந்த சொல், இடம் மாறியதால் சிரிப்பு. முன்னது பழகினால் செத்துவிடும், பின்னது சாகாது.

ஒரு காலத்தில் தேர்தல் நோட்டீஸில் “அபேட்சகர்” என்றும் கூட்ட நோட்டீஸில் “அக்கிராசனர்” என்றும்தான் அடித்தார்கள். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியது 1916இல். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல “வேட்பாளர்”, “தலைவர்” எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன. இன்றைக்கு அபேட்சகர் என்றால்தான் சிரிப்பு. “பேருந்து” இப்போது நடுவில் நிற்கிறது. வண்டி நெற்றியில் எழுதியிருந்தால் உறுத்தாது. “பேருந்துல எடம் போட்டு வச்சிருக்கேன், ஓடியா” என்றால் இன்னும் உறுத்துகிறது. குளம்பி எந்தப் பக்கம் போகும் என்று ஜோசியம் சொல்ல நான் வரவில்லை, ஆனால் அதை வைத்து நாலு தடவைக்கு மேல் சிரிக்க முடியாது.

“வாட்ஸ்அப்புல எழுதிப் போட்டா யாருக்கும் சிரிப்பு வரல. நேருல சொன்னா வருது. ஏன்?”

எழுத்தில் ஒரு தொல்லை இருக்கிறது. “வந்தேன்”, “போனேன்”, “சொன்னேன்” என்ற இறந்தகாலச் சொற்களை இரண்டு தமிழிலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். பேசும்போது கடைசி னகரம் மூக்கில் கரைந்துவிடும், எழுதும்போது அந்த வித்தியாசம் தெரியாது. “நான் மதுரை போனேன்” என்று எழுதினால் படிப்பவர் தன் பேச்சிலேயே படித்துக்கொள்வார். நீங்கள் ஏட்டுத் தமிழில் எழுதியதாக நினைத்த நகைச்சுவை அங்கேயே போய்விடும்.

அதனால் எழுதும்போது இரண்டு தமிழும் கண்ணுக்கே வேறாகத் தெரிகிற இடத்தைப் பிடிக்க வேண்டும். நிகழ்காலம் நல்லது: இருக்கேன், இருக்கிறேன். “விடு” சேர்ந்த வினை அதைவிட நல்லது: போயிட்டான், போய்விட்டான். “கொண்டிரு” எல்லாவற்றிலும் சிறந்தது, ஏனென்றால் “சாப்ட்டுக்கிட்டு இருக்கேன்” என்பதற்கும் “உண்டுகொண்டிருக்கிறேன்” என்பதற்கும் நடுவில் ஒரு லாரி போகும்.

முன்னும் பின்னும் பேச்சுத் தமிழ் இருக்க வேண்டும் என்பதும் உண்டு. குழுவில் நாலு பேர் “எங்கடா இருக்க”, “வந்துட்டியா” என்று போட்டுக்கொண்டிருக்கும்போது ஐந்தாவதாக “விரைந்து வந்துகொண்டிருக்கிறேன்” என்று விழுந்தால்தான் வேலை செய்யும். தனியாக நின்றால் அது வெறும் நல்ல தமிழ்.

“நான் மெட்ராஸ். எங்க ஆபீஸ்ல எடுபடுற ஜோக்கு காரைக்குடி மாமனார் வீட்டுல எடுபட மாட்டேங்குது.”

உங்களுக்கு ஏடு எங்களுக்கு வீடாக இருக்கலாம். ஒருவர் திட்டினார் என்பதற்கு நீங்கள் “வைதார்” என்று சொல்லிச் சிரிப்பை எதிர்பார்த்திருப்பீர்கள். இங்கே அப்பச்சி பிள்ளையை “வையிறது” தினசரி நடப்பு. “நல்லா வஞ்சாக” என்பார்கள். மெதுவாக என்பதற்குப் “பைய” என்போம், பழைய பாட்டில் வருகிற அதே பைய. துடைப்பத்துக்கு “வெளக்குமாறு”. வீட்டுக்குள் முற்றத்தைச் சுற்றிய பகுதிக்கு “வளவு”, நுழைகிற இடத்துக்கு “முகப்பு”. பட்டணத்துக் காதில் இவையெல்லாம் புத்தக வாசனை அடிக்கும். இங்கே ஆயா அந்தச் சொற்களோடுதான் கோழி விரட்டுகிறார்.

வாலும் வேறு. பெரியவர் வந்ததை நீங்கள் “வந்தாங்க” என்பீர்கள், நாங்கள் “வந்தாக”. அதனால் இங்கே போலி மரியாதை செய்ய “வந்தாங்க” போதாது, “வருகை புரிந்தார்கள்” வரைக்கும் ஏற வேண்டும். மாமனாரிடம் முயலாதீர்கள். மச்சினனிடம் தொடங்குங்கள்.

“எப்பவாவது சொதப்பியிருக்கீகளா?”

நன்றாக. ஓர் அலுவலகத்தில் படிவம் வாங்கப் போயிருந்தேன். கூட வந்த நண்பனைச் சிரிக்கவைக்க நினைத்து, ஜன்னலில் இருந்தவரிடம், “ஐயா, விண்ணப்பப் படிவம் ஒன்று தந்து உதவ இயலுமா?” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “இருபது வருஷத்துல இந்த ஜன்னல்ல ஒழுங்காத் தமிழ் பேசின மொத ஆள் நீங்க” என்றார். அப்புறம் எழுந்து வெளியே வந்து, என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, கம்பனில் அனுமன் முதன்முதலாக இராமனிடம் பேசுகிற இடத்தை எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் சொன்னார். படிவம் மறுநாள்தான் கிடைத்தது. நண்பன் சிரித்தான், நான் எதிர்பார்த்த காரணத்துக்கு இல்லை.

சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது. யார் எவ்வளவு தமிழ் படித்தவர் என்பது முகத்தில் எழுதியிருக்காது. ஏட்டுத் தமிழ் நகைச்சுவைக்குக் கேட்பவரும் நீங்களும் ஒரே வீட்டுத் தமிழில் ஏற்கெனவே பேசியிருக்க வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் முதல் வாக்கியத்தையே ஏட்டில் தொடங்கினால் அவருக்கு ஒப்பிட எதுவும் இல்லை. நீங்கள் பேசுகிற தமிழே அதுதான் என்று எடுத்துக்கொள்வார். எடுபடவில்லை என்று எப்படித் தெரியும் என்றால், பதிலும் எழுத்துத் தமிழிலேயே வரும்.

“வெளிநாட்டுலேர்ந்து வந்த எங்க பேத்தி நெசமாவே அப்படித்தான் பேசுது. சிரிச்சா தப்பா?”

அவள் முன்னால் சிரிக்காதீர்கள். அவள் ஜோக் அடிக்கவில்லை. வார இறுதி வகுப்பில் புத்தகத்தை வைத்துப் படித்த பிள்ளை “எனக்குத் தண்ணீர் வேண்டும்” என்றுதான் சொல்லும், “தண்ணி வேணும்” என்பதை யாரும் அதற்கு எழுதிக் காட்டியிருக்கமாட்டார்கள். ஒரு திருவிழாவுக்கு வந்த பிள்ளை ஒன்று, பந்தியில் “எனக்கு இன்னொரு பணியாரம் அளியுங்கள்” என்று கேட்டு வரிசையே சிரித்ததும், அதற்குப் பிறகு ஊரைவிட்டுப் போகும்வரை ஆங்கிலத்திலேயே பேசிவிட்டுப் போனது. பணியாரமும் கேட்கவில்லை.

செய்ய வேண்டியது சின்ன வேலை. அவள் கேட்டதை வீட்டு வாலோடு திருப்பிச் சொல்லிக் கொடுங்கள்: “இன்னொரு பணியாரம் வேணுமா? இந்தா.” திருத்தியதாகவே தெரியாது. பத்து நாளில் “வேணும்” வந்துவிடும். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் இப்போது பேச்சுத் தமிழுக்கும் பாடத்தில் இடம் கொடுக்கிறார்கள், அங்கிருந்து வருகிற பிள்ளைகளிடம் இந்தச் சிக்கல் குறைவு.

பேச்சு வால் வந்த பிறகு அந்தப் பிள்ளையே “அளியுங்கள்” என்று வேண்டுமென்றே சொல்லும். அப்போது தாராளமாகச் சிரிக்கலாம்.

“பெரியவுக திருப்பி அடிச்சா என்ன பண்றது?”

வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். என் மருமகன் கதையில் பாக்கி ஒன்று இருக்கிறது. அப்பளத்தை நொறுக்காமல் எடுத்துவைத்துச் சாப்பிட்டு முடித்தவன், தட்டை அப்படியே விட்டுவிட்டு நைசாக முகப்பு வரைக்கும் போய்விட்டான். ஆயா குரலை உயர்த்தவே இல்லை.

“ஐயா அவர்களே, உணவருந்திய தட்டு தங்கள் வருகையை எதிர்நோக்கி உள்ளது.”

அவன் திரும்பி வந்து தட்டை எடுத்தான். “இந்தப் பேச்செல்லாம் எங்க ஆயா படிச்சீக?” என்றான்.

“ஒங்க மாமன் கொண்டாந்து போடுற பத்திரிகைலதான். பலகாரம் சுத்துறதுக்கு முன்னால வாசிச்சிட்டுத்தான் சுத்துவேன்.”